லித்தியம் செல்லில் 3.7, 4.2, 2.75 என்ற மூன்று வோல்டேஜ்கள்

கேள்வி: ஹெட்லைட் செல் மேல 3.7 வோல்ட்னு போட்டிருக்கு. சார்ஜர்ல 4.2. செல்லோட வந்த தாள்ல 2.75. மீட்டர் வச்சா 3.7 காட்டுது. அப்போ ஃபுல்லா? எந்த நம்பரைப் பார்க்கணும்?

ஃபுல் இல்லை. லைட்டை அணைத்து அரைமணி நேரம் சும்மா வைத்திருந்த செல் 3.7 காட்டினால், பாதி அல்லது பாதிக்கும் கொஞ்சம் கீழே இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்குக் களியக்காவிளைப் பக்கம் ஒரு சின்ன ரிப்பேர் கடை. குலசேகரம், அருமனை, அந்தப் பக்கம் பாறசாலை என்று ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் தலையில் கட்டும் லைட்டுதான் அதிகம் வரும். விடியும் முன்னே தோட்டத்தில் இறங்குகிறவர்களுக்கு லைட் நடுவில் அணைந்தால் வேலை போச்சு. உங்கள் கேள்வியைத்தான் அவர்களும் கேட்பார்கள்.

3.7 என்பது செல் எப்போதும் தரும் வோல்டேஜ் அல்ல. ஃபுல் சார்ஜில் தொடங்கித் தீரும் வரை செல்லின் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே வரும். அந்த ஓட்டத்தின் சராசரிதான் செல் மேல் அச்சாகிறது. ஒரே மாதிரி செல்லுக்கு ஒரு கம்பெனி 3.6 என்றும் இன்னொன்று 3.7 என்றும் போடும். அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இந்த எண்ணின் வேலை கணக்குப் போடுவது. 2600 மில்லியாம்ப்-மணி செல் என்றால் 2.6 × 3.6 = 9.36 வாட்-மணி. இரண்டு வாட் இழுக்கும் லைட் என்றால் நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட எரியலாம். சர்க்யூட்டில் வீணாவதைக் கழித்தால் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் 9900 என்று அச்சடித்து வரும் 18650 செல்லையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்: 35 வாட்-மணிக்கு மேல் வரும். அந்த அளவில் நல்ல கம்பெனி செல்களே 3500 பக்கம்தான் நிற்கின்றன, அதாவது 13 வாட்-மணிக்குள். மீதி எல்லாம் மை.

இந்த எண் சொல்லும் இன்னொரு விஷயம், உள்ளே இருக்கும் ரசாயனம். 3.2 என்று போட்டிருந்தால் அது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. சோலார் விளக்குகளில் நிறைய வரும். அதன் ஃபுல் சார்ஜ் 3.65 வோல்ட். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று 4.2 சார்ஜரில் அதைச் செருகிவிடக் கூடாது.

அடுத்து 4.2. இது சார்ஜருக்குப் போட்ட எல்லை. முதலில் சார்ஜர் ஒரே அளவு கரண்ட்டைக் கொடுக்கும். செல் 4.2 தொட்டதும் வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொள்ளும். கரண்ட் மெல்ல மெல்லக் குறையும். தொடங்கிய அளவில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் நிறுத்திவிடும். கழற்றி வைத்தபின் 4.15, 4.18 என்று இறங்கி நிற்பது சகஜம். 4.2-ஐத் தாண்டி ஏற்றினால் எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படிய ஆரம்பிக்கும், செல் சூடாகும், அப்புறம் விபரீதம்தான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். போன மழைக்கு முன் ஒரு அண்ணன் லைட்டைக் கொண்டுவந்தார். "ஒரு மணிக்கூறு கூட நிக்கல்ல. ஆனா ஃபுல் சார்ஜில் 4.15 காட்டுதே, செல் நல்லாத்தானே இருக்கு?" என்றார். 4.15 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் செல்லால் பிடிக்க முடிந்த அளவு நிரம்பிவிட்டது. எவ்வளவு பிடிக்கும் என்று அது சொல்லாது. இடிந்து பாதி தூர்ந்த கிணற்றிலும் தண்ணீர் விளிம்பு வரை நிற்கும்.

அதனால் லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். 3.9 ஓம், 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றைச் செல்லின் இரு முனைக்கும் சில நொடி வைத்து, அதே நேரம் மீட்டரைப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் சுடும், விரலில் பிடிக்காதீர்கள். அவர் செல் 4.15-இலிருந்து 3.62-க்கு விழுந்தது. பக்கத்தில் அதே 4.15 காட்டிய புதுச் செல் அதே ரெசிஸ்டரில் 4.07-இல் நின்றது. அரை வோல்ட்டுக்கு மேல் செல்லுக்குள்ளேயே தொலைகிறது என்றால், உள்மின்தடை அரை ஓம்மைத் தாண்டிவிட்டது. புதுச் செல்லுக்கு அது 0.08 ஓம்கூட இல்லை.

கட்-ஆஃப் வோல்டேஜ் புரிய இந்தக் கணக்கு போதும். தாளில் 2.75 என்று இருப்பது, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்த வோல்டேஜ். அதற்குக் கீழே இறக்காதே என்று பொருள். செல்லைப் பொறுத்து 2.5 முதல் 3.0 வரை இருக்கும். அவர் லைட்டின் சர்க்யூட் 3.0-இல் அணைகிறது. நல்ல செல் என்றால் அந்த இடத்தில் ஏறக்குறைய எல்லாம் தீர்ந்திருக்கும். இவருடைய செல்லில் அரை வோல்ட் உள்ளேயே போய்விடுவதால், உள்ளே 3.5 இருக்கும்போதே வெளியே 3.0 ஆகி லைட் அணைகிறது. அணைந்ததும் லோடு இல்லை, மீட்டரில் மறுபடி 3.5 காட்டும். "சார்ஜ் இருக்கு, லைட்டுக்குத்தான் கேடு" என்று தோன்றுவது இதனால்தான். கொள்ளளவும் வயதாகிக் குறைந்துபோயிருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டது. செல்லை மாற்றினோம், லைட்டில் கை வைக்கவே இல்லை.

கட்-ஆஃபை இன்னும் கீழே தள்ளினால் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல செல்லில் 3.0-க்குக் கீழே மிச்சம் இருப்பது சில விழுக்காடுதான். அந்த இடத்தில் வோல்டேஜ் சரசரவென்று சரியும். அதற்காகச் செல்லைக் கெடுப்பது நஷ்டம்.

கெடுவது எப்படி என்றால், சுமார் 2 வோல்ட்டுக்கும் கீழே போய் அப்படியே கிடந்தால் எதிர்மின்முனையின் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம். ஆகவே 1.2, 0.8 என்று காட்டும் செல்லை இன்னொரு செல்லோடு ஒயர் வைத்து "உசுப்பி" எழுப்புவதை நான் செய்வதில்லை. எழும்பிவிடும், உண்மைதான், ஆனால் அதைத் தலையில் கட்டிக்கொண்டு போகப்போவது நீங்கள். பழைய பேட்டரி எடுக்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மழையில் வெட்டு நிற்கும் மாதங்களில் லைட்டை ஃபுல் சார்ஜில் வைக்கவும் வேண்டாம், தீர்ந்தபடி வைக்கவும் வேண்டாம். நீங்கள் மீட்டரில் பார்த்த அதே 3.7, 3.8 பக்கம் இருக்கும்போது செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள். லைட்டுக்குள்ளேயே விட்டால் ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் சர்க்யூட் துளித்துளியாக இழுத்துக்கொண்டிருக்கும்.