மதுரை ரெண்டாவதா மூணாவதா: எந்த வருஷம், எந்த எல்லை?

"சார், திருநகர்ல ஒரு ஸ்கூல்ல சோசியல் டீச்சரா இருக்கேன். க்விஸ்ல 'மக்கள்தொகையில தமிழ்நாட்டோட எத்தனாவது பெரிய நகரம் மதுரை'ன்னு கேட்டோம். ஒரு டீம் ரெண்டாவதுன்னு சொல்லுச்சு, இன்னொரு டீம் மூணாவதுன்னு சொல்லுச்சு, ரெண்டு டீமும் புக்க கொண்டுவந்து காட்டுறாங்க. நெட்ல தேடுனா 10 லட்சம், 14 லட்சம், 18 லட்சம்னு வருது. யாருக்கு மார்க் போடுறது?"

டீச்சர், ரெண்டு டீமுக்கும் போடுங்க, புள்ளைங்க மேல தப்பே இல்ல. உங்க கேள்வியில எந்த வருஷம்னு இல்ல, எந்த எல்லைன்னும் இல்ல, அந்த ரெண்டும் இல்லாம இதுக்கு ஒத்த பதில் கிடையாது.

மொதல்ல 'ரெண்டாவது'ன்னு சொன்ன டீம பாப்போம். அவங்க புக்கு அனேகமா 1991 சென்சஸ வச்சு எழுதுனதா இருக்கும், இல்லன்னா அத பாத்து காப்பி அடிச்சதா இருக்கும். 1991ல மதுரை மாநகராட்சி எல்லைக்குள்ள 9,40,989 பேர், கோவை மாநகராட்சிக்குள்ள 8,16,321 பேர். சென்னைக்கு அடுத்து நாமதான், ஒன்னேகால் லட்சம் பேர் வித்தியாசத்துல. ஆனா அதே 1991ல, அதே சென்சஸ் ஆபீஸ் போட்ட இன்னொரு டேபிள்ல கோவை 11,00,746, மதுரை 10,85,914ன்னு இருக்கும், அதுல நாம மூணாவது. வருஷமும் ஒன்னு, எண்ணுன ஆளும் ஒன்னு, கோடு மட்டும்தான் வேற.

அந்த ரெண்டாவது டேபிள் அர்பன் அக்ளோமரேஷன்னு சொல்றதோட கணக்கு, இங்க நகரத் தொகுப்புன்னு வச்சுக்குவோம். மாநகராட்சிங்கிறது அரசாணை போட்டு வரைஞ்ச எல்லை, இந்தத் தெரு வரைக்கும் குப்பை அள்ளுவாங்க, அந்தப் பக்கம் பஞ்சாயத்துன்னு இருக்கும்ல, அது. தொகுப்புங்கிறது அந்த எல்லைய தாண்டியும் வீடும் கடையும் இடைவெளி இல்லாம ஒட்டிக்கிட்டே போனா, பக்கத்துல இருக்கிற நகராட்சி, பேரூராட்சி, சென்சஸ் டவுன் எல்லாத்தையும் சேத்து ஒரே ஊரா பாக்குறது. சென்சஸ் டவுன்னா நகராட்சி அந்தஸ்து இல்லாட்டியும் நடப்புல டவுனா ஆகிப்போன கிராமம்: 5,000 பேருக்குக் குறையாம இருக்கணும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்கணும், வேலைக்குப் போற ஆம்பளைங்கள்ல முக்கால்வாசிப் பேராவது விவசாயம் இல்லாத வேலையில இருக்கணும்.

இதுக்கு உங்க திருநகரே நல்ல உதாரணம் டீச்சர். 2011 பிப்ரவரியில வீடு வீடா எண்ணுனப்ப திருநகர் தனி பேரூராட்சி. அதனால அங்க இருந்த ஒருத்தர்கூட 'மதுரை மாநகராட்சி' கணக்குல வரல, தொகுப்புக் கணக்குல மட்டும்தான் வந்தாங்க. அதே வருஷம் அக்டோபர்ல மாநகராட்சி 72 வார்டுலருந்து 100 வார்டா விரிஞ்சப்பதான் திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சியும், ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சியும், சுத்தி இருந்த சில கிராமப் பஞ்சாயத்தும் உள்ள வந்துச்சு. பரப்பளவு கிட்டத்தட்ட 52 சதுர கிலோமீட்டர்லருந்து 148 ஆச்சு, அதாவது ஏறக்குறைய மூணு மடங்கு. சென்சஸ் முடிஞ்சு எட்டே மாசம். சென்சஸுக்கு முன்னாடியே எல்லைய உறைய வச்சிருவாங்க, அதுக்கு அப்புறம் என்ன மாறுனாலும் அந்தக் கணக்குல ஏறாது. அதனாலதான் 2011 டேபிள்ல மதுரை மாநகராட்சின்னு இருக்கிற 10,17,865 பேர் பழைய 72 வார்டு மதுரையில இருந்தவங்க, இன்னைக்கு மாநகராட்சிக்கு வீட்டு வரி கட்டுற ஆனையூர்க்காரரு அதுல இல்ல.

இப்ப நெட்ல நீங்க பாத்த மூணு நம்பரையும் பிரிச்சிரலாம். 10 லட்சம் இந்தப் பழைய எல்லை. 14 லட்சம் 2011 தொகுப்பு, துல்லியமா 14,65,625 (சில சைட்ல 14,62,420ன்னு இருக்கும், அது எண்ணி முடிச்ச கையோட விட்ட தற்காலிகக் கணக்கு, திருத்தாம அப்படியே கிடக்குது). 18 லட்சம் யாரும் எண்ணுனது இல்ல, வளர்ச்சி வீதத்த வச்சு போட்ட கணக்கு. நீங்களே போட்டுப் பாருங்க: 2001ல தொகுப்பு 12,03,095, 2011ல 14,65,625, பத்து வருஷத்துல கிட்டத்தட்ட 22 சதவீதம் கூடியிருக்கு. அதே வேகத்துல இன்னும் பத்து வருஷம் போச்சுன்னு வச்சா 2021க்கு 17.85 லட்சம் வரும். ஆனா தொகுப்பு நம்பருக்குப் பதிலா மாநகராட்சி நம்பர வச்சு இதே கணக்க போட்டா (9,28,869லருந்து 10,17,865, பத்து வருஷத்துக்கு 9.6 சதவீதம்) 2021க்கு 11.15 லட்சம்தான் வரும். ரெண்டு பேரும் மதுரைன்னுதான் எழுதுவாங்க, நடுவுல கிட்டத்தட்ட ஏழு லட்சம் பேர் வித்தியாசம். 2021ல சென்சஸே நடக்காததால ரெண்டுல எது சரின்னு தட்டிக் கேக்க ஒரு எண்ணிக்கையும் இல்ல. அடுத்தத 2027 மார்ச் 1ம் தேதிய வச்சு எடுக்கப் போறதா அறிவிச்சிருக்காங்க. இதெல்லாம் போக 30 லட்சம்னு ஒரு நம்பர் கண்ணுல பட்டா அது மதுரை மாவட்டம், 2011ல 30,38,252. உசிலம்பட்டி, மேலூர் எல்லாம் சேந்தது, அத நகரம்னு எழுதுறது சுத்தத் தப்பு.

சரி, 'மூணாவது'ன்னு சொன்ன டீம். 2001ல மாநகராட்சி எல்லைப்படி கோவை 9,30,882, மதுரை 9,28,869. வெறும் 2,013 பேர்! சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு தெருவுல நிக்கிற கூட்டம் கூட இல்ல, அதுல போயிருச்சு ரெண்டாவது எடம். இதுல இன்னொன்னையும் கவனிங்க, 1991ல 9,40,989 இருந்த மதுரை 2001ல 12,120 பேர் கொறஞ்சிருக்கு. இத பாத்துட்டு 'மதுரை தேயுது, ஜனம் ஊர விட்டு ஓடுது'ன்னு பேசுறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா பக்கத்து டேபிள புரட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். தொகுப்புலருந்து மாநகராட்சிய கழிச்சுப் பாருங்க: எல்லைக்கு வெளிய ஒட்டி இருந்தவங்க 1991ல சுமார் 1.45 லட்சம், 2001ல 2.74 லட்சம், 2011ல 4.48 லட்சம். (தொகுப்புல எந்தெந்த ஊரு சேருதுங்கிறதும் ஒவ்வொரு சென்சஸுக்கும் கொஞ்சம் மாறும், அதனால இந்த ஏத்தம் முழுசும் குடியேறுனவங்கன்னு எடுத்துக்க வேணாம்.) மாசி வீதி, வெளி வீதிப் பக்கம் எடம் நெருக்கிப்போய் வீடெல்லாம் கடையும் குடோனுமா மாற, ஜனங்க ஆனையூர், அவனியாபுரம் பக்கம் பிளாட் வாங்கிப் போனாங்க. ஊரு தேயல, எல்லைக்கோட்ட தாண்டி வளந்துச்சு.

கோவையில இது இன்னும் பெருசு. 2011ல அங்க மாநகராட்சிக்குள்ள 10,50,721, தொகுப்புல 21,36,916, அதாவது உள்ள இருக்கிறவங்கள விட வெளிய ஒட்டி இருக்கிறவங்க அதிகம். மாநகராட்சிய மட்டும் பாத்தா நமக்கும் கோவைக்கும் 33 ஆயிரம்தான் வித்தியாசம், தொகுப்ப பாத்தா ஆறே முக்கால் லட்சம். எடம் ரெண்டுலயும் மூணாவதுதான், ஆனா அந்த மூணாவதோட அர்த்தம் ஒன்னா? அதனால எத்தனாவதுன்னு மட்டும் சொல்லித்தராதீங்க, பக்கத்துல எவ்வளவு வித்தியாசம்னும் எழுதிப்போடச் சொல்லுங்க.

இந்திய லெவல்ல ரேங்க் இன்னும் குதிக்கும். 2011ல மாநகராட்சிப்படி மதுரை 44வது, தொகுப்புப்படி 31வது. அந்த 31ல நமக்கு மேல 25வதா மலப்புரம் உக்காந்திருக்கு. மலப்புரம் நகராட்சியில சுமார் 1 லட்சம் பேர்தான், ஆனா கேரளாவுல ஊருக்கும் ஊருக்கும் நடுவுல இடைவெளியே இல்லாம வீடா இருக்கிறதால சென்சஸ் டவுன் வரிசையா சேந்து தொகுப்பு 17 லட்சம் ஆயிருச்சு. 2001ல அதே தொகுப்பு 1.7 லட்சம். பத்து வருஷத்துல பத்து மடங்கு யாரும் அங்க குடி போகல, சுத்தியிருந்த கிராமமெல்லாம் டவுன்னு கணக்காகி ஒன்னா சேந்துருச்சு. நம்ம சென்னையும் இப்படித்தான், மாநகராட்சிப்படி 46 லட்சம்னு அகமதாபாத்துக்கும் கீழ ஆறாவதா இருக்கும், தொகுப்புப்படி 86 லட்சம்னு நாலாவதா ஏறிரும்.

க்விஸுக்கு கேள்விய இப்படி மாத்துங்க: '2011 சென்சஸ் இறுதிக் கணக்குப்படி, மாநகராட்சி எல்லைக்குள்ள இருந்த மக்கள்தொகையில மதுரை தமிழ்நாட்டுல எத்தனாவது?' பதில் மூணாவது, யாரும் சண்டைக்கு வர முடியாது. புள்ளைங்க புக்கு கொண்டு வந்தா நம்பருக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாக்கச் சொல்லுங்க. சென்சஸ் டேபிள்ல `Madurai (M Corp.)`ன்னு இருந்தா மாநகராட்சி, `Madurai UA`ன்னு இருந்தா தொகுப்பு. ரெண்டும் இல்லாம வெறும் மதுரைன்னு மட்டும் போட்டு, வருஷமும் போடாத புக்க இந்த விஷயத்துக்கு நம்ப வேணாம்.

ஒன்னு மட்டும் இப்பவே சொல்லி வச்சிர்றேன். 2027 கணக்கு வெளிவந்ததும் '2011லருந்து மதுரை ஒன்றரை மடங்குக்கு மேல பெருகிருச்சு'ன்னு தலைப்பு வரும், பாத்துக்கங்க. 148 சதுர கிலோமீட்டர்ல எண்ணுனத 52 சதுர கிலோமீட்டர்ல எண்ணுனதோட ஒப்பிட்டா அப்படித்தான் வரும். அன்னைக்கு வகுப்புல போர்டுல போட வேண்டிய கணக்கு இதுதான்: 2011 டேபிள எடுத்து, பழைய மாநகராட்சியோட 10,17,865ல திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி, ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், சேந்த பஞ்சாயத்துகள் எல்லாத்தோட 2011 நம்பரையும் ஒவ்வொன்னா கூட்டுங்க, பதினாலரை லட்சத்த ஒட்டி வரும். புது நம்பர அதோட வச்சுப் பாருங்க. திருநகர் நம்பர கூட்டுற வேலைய உங்க ஸ்கூல் புள்ளைங்ககிட்டயே குடுத்துருங்க.