மாடி வீட்டு மாவு கிரைண்டர்: எச்சரிக்கைக் கடிதத்தில் எத்தனை நாள் தவணை?

கேள்வி: கோவையில் எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர் விடிகாலை 4 மணிக்கே பெரிய கிரைண்டரை ஓட்டி மாவு அரைத்து விற்கிறார். கழுவிய தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலில் தேங்குகிறது. மூன்று முறை சொல்லியும் கேட்கவில்லை. எப்படி எழுதுவது, எத்தனை நாள் அவகாசம் தருவது?

பதில்: வாயால் சொன்ன மூன்று முறைக்கும் சாட்சியம் இல்லை என்பதால், இனி எழுத்தில்தான் தொடங்க வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் 21-வது பிரிவு, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லி உரிமையாளர் அறிவிப்பு கொடுத்த பிறகும் அது தொடர்ந்தால், வீட்டைத் திரும்பக் கேட்பதற்கு அதை ஒரு காரணமாக ஏற்கிறது. ஆகவே நீங்கள் எழுதப்போவது வெறும் கண்டிப்பு அன்று, பின்னால் வழக்கு நிற்கப்போகும் அடித்தளம். அதில் 'காலி செய்' என்று எழுதிவிடாதீர்கள். காலி செய்யக் கோரும் அறிவிப்பு வேறு, அதற்கான நேரமும் வேறு.

எத்தனை நாள் தரவேண்டும் என்பது சரிசெய்ய வேண்டிய காரியத்தைப் பொறுத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கிரைண்டர் ஓட்டாமல் இருக்க ஒரு நாள்கூடத் தேவையில்லை. கடிதம் கிடைத்த அன்றிரவு முதலே என்று எழுதலாம். கழிவுநீரை முறையான சாக்கடையில் விட 7 நாளும், குடியிருக்க மட்டும் என்று உங்கள் ஒப்பந்தம் சொல்லுமானால் வியாபாரக் கிரைண்டரை வேறிடம் மாற்ற 15 நாளும் போதும். 'விரைவில்' என்று எழுதாமல் மாதமும் தேதியும் போடுங்கள். எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் வீட்டில் தொல்லை என்பதை எழுதி, பக்கத்து வீட்டார் கையெழுத்திட்ட புகாரின் நகலையும் இணைக்கவும்.

ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். உறை 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பினால் அதைப் பிரிக்காதீர்கள். சரியான முகவரிக்கு அனுப்பியும் மறுத்தது, பொதுவாகச் சேர்ப்பித்ததாகவே கருதப்படும். மூடிய உறையே உங்கள் சாட்சியம். ஆனால் 'வீடு பூட்டியிருந்தது' என்று திரும்பினால் அதையே நம்பி இருந்துவிடக் கூடாது. மறுபடி அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், இருவர் முன்னிலையில் கதவில் ஒட்டிப் படமும் எடுத்து வையுங்கள். அப்போதும் தவணைத் தேதியைப் புதிதாகப் போட வேண்டும், பழைய தேதி கடந்திருந்தால் கடிதமே பயனற்றுப் போகும்.

இதற்கிடையே வீட்டுத் தரகர் யாராவது, 'ஸ்டேஷனில் சொல்லி ஒரே வாரத்தில் காலி பண்ணித் தருகிறேன்' என்று முன்பணம் கேட்பார். கொடுக்காதீர்கள். வாடகைத் தகராறு உரிமையியல் விவகாரம். அது காவல் நிலையத்தின் வேலை அன்று. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தச் சொல்லுவதும் அதே தரகர்தான். அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை இந்தச் சட்டமே தடுக்கிறது. நிறுத்திய மறுநாள் புகார்தாரர் குடியிருப்பவர், எதிர்மனுதாரர் நீங்கள்.

தவணை முடிந்த மறுநாள் காலை 4 மணிக்கு மீண்டும் சத்தம் கேட்டால், தேதி தெரியும்படி பதிவு செய்து, அதன் பிறகே வாடகை நீதிமன்றத்துக்கு வழக்கறிஞருடன் செல்லுங்கள். விரைவாக முடிக்கவென்றே வந்த சட்டத்திலும் வாய்தா மேல் வாய்தாதான் நடக்கிறது, அதனால்தான் கடிதத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கச் சொல்கிறேன்.