கிருமி செத்த பிறகும் காய்ச்சல் வருமா?

குளுக்கோஸ் ஏற்றிய ஒரு மணி நேரத்தில் அப்பாவுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. பாட்டிலை ஆட்டோகிளேவில் வைத்துத்தானே விற்கிறார்கள்?

நடுக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எண்டோடாக்சினையும் சந்தேகிக்க வேண்டும். இது கிராம் நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியாவின் வெளிச்சவ்விலேயே இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள். பாக்டீரியா செத்துச் சிதையும்போது நிறைய வெளிவரும். ஆட்டோகிளேவின் 121 டிகிரி நீராவி கிருமியைக் கொல்லும், இதை அழிக்காது. கண்ணாடிக் குப்பிகளை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைப்பது அதற்காகத்தான். மருந்தை அப்படிச் சுட முடியாது. அதனால் மருந்து தயாரிக்கும் தண்ணீரிலிருந்தே கவனம் வேண்டும். ரத்தத்தில் கலந்தால் நம் வெள்ளணுக்களே இதைக் கண்டு கிளர்ந்து காய்ச்சலை உண்டாக்கும் புரதங்களைச் சுரக்கின்றன. அளவு மிஞ்சினால் ரத்த அழுத்தம் விழும்.

காலரா கிருமியும் கிராம் நெகட்டிவ்தானே, அங்கேயும் இதே கதையா?

இல்லை. அங்கே ஆளை வீழ்த்துவது எக்சோடாக்சின், அதாவது உயிருள்ள பாக்டீரியா சுரந்து வெளியே விடும் புரதம். அது குடல் செல்லுக்குள் புகுந்து, உப்பையும் நீரையும் வெளியே கொட்ட வைக்கிறது. கல்கத்தாவில் சம்பு நாத் டே, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் குடலில் செலுத்தி, அது மட்டுமே நீரைச் சுரக்க வைப்பதை 1959-இல் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை அது. டெட்டனஸ் நச்சும் எக்சோடாக்சின்தான். புரதம் என்பதால் அதை ஃபார்மலினில் செயலிழக்க வைத்துத் தடுப்பூசியாக்க முடிகிறது.

ஊசி மருந்தில் எண்டோடாக்சினை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முன்பு முயலுக்கு மருந்தைச் செலுத்திக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள். இப்போது பெரும்பாலும் எல்.ஏ.எல். சோதனை. அமெரிக்க அட்லாண்டிக் கரையின் குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களிலிருந்து எடுத்த சாறு, எண்டோடாக்சின் பட்டால் உறையும். சாறும் மாதிரியும் சம அளவு கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, குழாயைக் கவிழ்ப்பார்கள். கட்டி நழுவாமல் நின்றால் பாசிட்டிவ்.

சிக்கல் என்னவென்றால், மருந்தே உறைதலைத் தடுக்கக்கூடும். அதனால் மாதிரியை நீர்க்கச் செய்வார்கள். ஒரு மருந்துக்கு மில்லிகிராமுக்கு 0.5 எண்டோடாக்சின் யூனிட் வரை அனுமதி, செறிவு மில்லிக்கு 50 மில்லிகிராம் என்றால், மில்லிக்கு 25 யூனிட் வரை இருக்கலாம். சாறு மில்லிக்கு 0.125 யூனிட் இருந்தாலே கண்டுபிடிக்கும். 25-ஐ 0.125-ஆல் வகுத்தால் 200. 200 மடங்குக்கு மேல் நீர்த்தால், வரம்பைத் தாண்டிய மருந்தும் தப்பிவிடும். கூடவே இன்னொரு குழாயில், அதே மாதிரியில் தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்ப்பார்கள். அது உறையாவிட்டால், முதல் குழாயின் 'நெகட்டிவ்' செல்லாது.

பாசிட்டிவ் வந்தால் எண்டோடாக்சின் உறுதியா?

எப்போதும் இல்லை. செல்லுலோஸ் வடிகட்டியிலிருந்து கசியும் குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் சாதாரண சாற்றை உறைய வைக்கும். சாற்றில் எண்டோடாக்சினை உணரும் புரதம் ஃபாக்டர் சி. மரபணு முறையில் தயாரித்த ஃபாக்டர் சி-யை மட்டும் பயன்படுத்தினால் அந்தக் குழப்பம் இல்லை, நண்டும் தேவையில்லை.