மாதம் 9,400இல் தொடங்கலாம்: மகளின் பட்டப்படிப்புக்கு 15 வருடக் கணக்கு

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, நான் முன்பள்ளி ஆசிரியை. மகளுக்கு 3 வயது. கண்டியில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருடப் பட்டத்துக்கு வருடம் 5 இலட்சம் கேட்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு முன் அங்கே சேர்ந்த பிள்ளை 3 இலட்சத்து 40 ஆயிரம்தான் கட்டியதாம். இன்னும் 15 வருடத்தில் அது எவ்வளவாகும்? மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: மாதம் 9,400 ரூபாவில் தொடங்கி, ஒவ்வொரு வருடமும் அந்தத் தொகையை 8 சதவீதம் கூட்டிக்கொண்டு போங்கள். கடைசிவரை ஒரே தொகையைத்தான் கட்ட முடியும் என்றால் மாதம் 15,450 வேண்டும். இந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால், நாளை கட்டணமோ வட்டியோ மாறும்போது நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

முதலில் கட்டணம் என்ன வேகத்தில் ஏறுகிறது என்று பார்ப்போம். அதற்கு வேண்டிய இரண்டு எண்களையும் நீங்களே தந்துவிட்டீர்கள். போனில் உள்ள கூகுள் ஷீட்ஸில் இதைத் தட்டுங்கள்:

```
=(500000/340000)^(1/5)-1
```

0.08 என்று வரும். வருடத்துக்கு 8 சதவீதம். பலரும் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். 8ஐ 15ஆல் பெருக்கி, 120 சதவீதம் கூடும், மூன்று வருடப் படிப்பின் 15 இலட்சம் 33 இலட்சமாகும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அடுத்த வருட ஏற்றம் இந்த வருடம் ஏறிய தொகையின் மேல்தான் விழும். 72ஐ 8ஆல் வகுத்தால் 9. அதாவது 9 வருடத்தில் கட்டணம் இரட்டிப்பாகிவிடும், மிச்ச 6 வருடத்தில் அந்த இரட்டிப்பின் மேல் இன்னும் ஏறும். சரியாகப் பார்த்தால் 15 வருடத்தில் 3.17 மடங்கு. முதல் வருடக் கட்டணம் 15 இலட்சத்து 86 ஆயிரம், இரண்டாம் வருடம் 17 இலட்சத்து 13 ஆயிரம், மூன்றாம் வருடம் 18 இலட்சத்து 50 ஆயிரம்.

இந்த மூன்றும் சேர்ந்தால் ஐம்பத்தொரு இலட்சத்துக்கு மேல். ஆனால் சேரும் நாளிலேயே அவ்வளவும் கையில் இருக்க வேண்டியதில்லை. முதல் வருடத்தைக் கட்டியபின் மிச்சப் பணம் வங்கியில் வட்டி சேர்த்துக்கொண்டுதான் இருக்கும். அதைக் கழித்தால், மகள் சேரும் நாளில் 48 இலட்சத்து 3 ஆயிரம் இருந்தால் போதும்.

இதில் நான் வைத்த வட்டி 7 சதவீதம், வரி போக. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடிக்கிறது. ஆகவே 7 கையில் நிற்க, நிலையான வைப்புக்கு 7.8 சதவீதமளவு கிடைக்க வேண்டும். உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவென்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். இன்னொன்று: வைப்பைப் போடும்போது வட்டியை மாதாமாதம் எடுக்கும் வகையில் போடாதீர்கள். முதிர்வில் வட்டியும் முதலும் சேர்ந்து மறுபடி வைப்பாக வேண்டும். மாத வட்டி கைக்கு வந்தால் மளிகைக் கடைக்குப் போய்விடும், அப்புறம் இந்தக் கணக்கு நிற்காது.

ஒரே அளவாகக் கட்டுவதற்கான கணக்கு இது:

```
=PMT(1.07^(1/12)-1, 180, 0, -4803000)
```

15,440 அளவில் வரும், அதை 15,450 ஆக்கிக்கொண்டேன். வருடம் 8 சதவீதம் கூட்டிக் கட்டுவதற்கு இது:

```
=4803000*0.01/((1.08^15-1.07^15)*12.38)
```

இதில் 0.01 என்பது 8க்கும் 7க்கும் உள்ள இடைவெளி. மாதம் ஒரு ரூபா போட்டால் வருட முடிவில் வட்டியோடு எவ்வளவாக நிற்கும் என்பதுதான் 12.38. வட்டி வீதத்தை மாற்றினால் இந்த இரண்டோடு 1.07உம் 4803000உம் மாறும், மறந்துவிடாதீர்கள். விடை 9,390. அதை 9,400 ஆக்கிக்கொண்டேன்.

உங்களுக்கு இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். கடைசி வருடத்தில் மாதம் 27,600 கட்ட வேண்டி வரும். இன்றைக்குக் கேட்கப் பயமாக இருக்கலாம், ஆனால் அன்றைய சம்பளமும் இன்றைய சம்பளமாக இருக்காது. மலையகத்தில் ஒரு சிக்கல், சம்பளம் வருடாவருடம் சீராக ஏறுவதில்லை. தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளமே 2021இல் 1,000 ஆகி, அடுத்த ஏற்றத்துக்கு 2024வரை காத்திருந்து 1,350 ஆனது. உங்கள் வீட்டு வருமானமும் அப்படிக் குதித்துக் குதித்து ஏறுமென்றால், ஏறாத வருடத்தில் பழைய தொகையையே கட்டுங்கள். ஏறிய மாதத்தில், விடுபட்ட வருடங்களின் கூட்டலையும் சேர்த்து உயர்த்துங்கள். சீட்டுப் போடுபவர்களாக இருந்தால், கைக்கு வரும் சீட்டுக் காசை அன்றே வைப்பாக மாற்றுவது நல்லது. சீட்டில் கிடக்கும் காலத்துக்கு வட்டி இல்லை.

இன்றைய 15 இலட்சத்தை இலக்காக வைத்து மாதம் 4,800 போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 15 வருடத்தில் அவர்களிடம் 15 இலட்சம் சரியாகவே சேரும். முதல் வருடக் கட்டணத்துக்கே அது பற்றாது.

இந்த 8 சதவீதத்தையும் முழுசாக நம்பிவிட வேண்டாம். கல்லூரியில் கட்டண விபரத் தாளை வாங்கி, எவ்வளவு ரூபாவில், எவ்வளவு ஸ்டெர்லிங் பவுணில் என்று கேளுங்கள். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் பட்டத்தை இங்கே நடத்தும் இடங்களில் பதிவுக் கட்டணம் பெரும்பாலும் பவுணில்தான். 2022 தொடக்கத்தில் ஒரு பவுண் 270 ரூபா அளவில் இருந்தது, அதே வருட நடுவில் 440ஐத் தொட்டது. என் அக்காவின் மகன் அப்போது படித்துக்கொண்டிருந்தான். ரூபாக் கட்டணம் அப்படியே இருக்க, பவுண் பகுதி மட்டும் ஒரே தவணையில் ஒன்றரை மடங்குக்கு மேல் போனது. அந்தத் தவணைக்கு அக்கா வளையலை அடகு வைத்தார். உங்கள் கல்லூரியில் பவுண் பகுதி பெரிதென்றால் 10 சதவீதம் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரே அளவாகக் கட்டும் தொகை 15,450இலிருந்து 20,700 ஆகும்.

மகள் உயர்தரத்தில் நல்ல இசட் புள்ளி எடுத்து அரச பல்கலைக்கழகம் போனால் அங்கே படிப்புக் கட்டணமே இல்லை. நுவரெலியா மாவட்டத்துக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. அப்போது இந்தப் பணம் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் உதவும்.

வருடம் ஒருமுறை இரண்டு எண்களை மட்டும் பாருங்கள்: வங்கியில் எவ்வளவு இருக்கிறது, அந்தக் கல்லூரியில் புதிதாகச் சேருபவரிடம் எவ்வளவு வாங்குகிறார்கள். முதல் வருட முடிவில் வங்கியில் 1 இலட்சத்து 16 ஆயிரம் இருக்க வேண்டும். ஐந்தாம் வருட முடிவில் 7 இலட்சத்து 77 ஆயிரம், கல்லூரிக் கட்டணம் 7 இலட்சத்து 35 ஆயிரம். அன்றைக்குக் கட்டணம் 8 இலட்சம் என்று தெரியவந்தால், ஆறாம் வருடத்தில் 13,800 கட்டவிருந்த நீங்கள் 15,600 கட்டத் தொடங்க வேண்டும். மாதம் 1,800 கூடுதல். இதே வித்தியாசத்தைப் பதினான்காம் வருட முடிவில் கண்டுபிடித்தால், அதை நிரப்ப உங்களிடம் மிஞ்சியிருப்பது பன்னிரண்டு மாதம்தான்.