மனச்சோர்வு அளவுகோலை ஆண், பெண் இருவருக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்தேன். ஆல்பா நன்றாக வந்திருக்கிறது. இன்வேரியன்ஸும் பார்த்தே ஆகணுமா?

பார்த்தே ஆகணும். "ஆல்பா 0.8 தாண்டிடுச்சு, போதும்" என்று உங்கள் கைடு சொல்லியிருப்பார். என் கைடும் அதைத்தான் சொன்னார். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்பதற்கு மேல் ஆல்பாவுக்கு எதுவும் தெரியாது. ஒரே அளவு சோர்வுள்ள ஆணும் பெண்ணும் ஒரே மதிப்பெண் வாங்குவார்களா என்பது வேறு கேள்வி, இன்வேரியன்ஸ் பார்ப்பது அதைத்தான்.

நான் எடுத்தது சி.இ.எஸ்.-டி. என்ற மனச்சோர்வு அளவுகோல். 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மொத்தம் 16 வந்தால் கவனிக்க வேண்டியவர். அதில் 17ஆவது, போன வாரம் அழுதீர்களா என்பது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடைமடை விவசாயி தூக்கத்துக்கு 3, பசிக்கு 3 என்று சொல்லிக்கொண்டே வந்தவர், இந்தக் கேள்விக்குத் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆம்பள அழுவானா தம்பி? சைபர் போடு." பின்னால் அவர் மனைவி யோசிக்காமல் 2 என்றார். இப்படி இரண்டு பேர் மற்ற 19 கேள்வியிலும் சேர்த்து 14 வாங்கினால், ஆண் 14, பெண் 16. பெண் மட்டும் கோட்டைத் தாண்டிவிடுகிறார். பெண்களுக்குச் சோர்வு அதிகம் இல்லை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். இந்த 2 மதிப்பெண் சோர்வால் வந்ததல்ல என்கிறேன்.

செய்முறை இதுதான். முதலில் இரு குழுவிலும் ஒரே காரணி அமைப்பு பொருந்துகிறதா என்று பாருங்கள். அடுத்து, ஒவ்வொரு கேள்வியும் காரணியோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று சொல்லும் லோடிங்கைச் சமமாக்குங்கள், பிறகு எவ்வளவு சோர்வில் பதில் 0இலிருந்து 1க்கும் 1இலிருந்து 2க்கும் தாவுகிறது என்று சொல்லும் த்ரெஷோல்டை. ஒவ்வொரு படியிலும், மாடல் எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சி.எஃப்.ஐ. 0.01க்கு மேல் இறங்கினால் சந்தேகப்படுங்கள் (அது கல்வெட்டு இல்லை, வழக்கம்). அழுகைக் கேள்வியில்தான் இடிக்கிறது என்றால், ஆர் மென்பொருளின் லாவான் தொகுப்பில் உள்ள `group.partial`-இல் அதன் த்ரெஷோல்டை மட்டும் அவிழ்த்துவிட்டு, காரணிச் சராசரியை ஒப்பிடுங்கள். ஆண்களில் ஒருவர்கூட 3 சொல்லாவிட்டால் லாவான் முரண்டு பிடிக்கும். அப்போது 2, 3 இரண்டையும் இரு குழுவிலுமே ஒன்றாக்குங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு, கடைசியில் பழைய மொத்த மதிப்பெண்ணுக்கே டி-டெஸ்ட் போடுபவர்கள் நிறையப் பேர். அவிழ்த்தது காரணிச் சராசரியைத்தான் சரிசெய்யும், 16 என்ற கோட்டை அல்ல.

மொழி இன்னும் சிக்கல். டெல்டாவில் ஆங்கிலப் படிவத்தை நிரப்பியது கும்பகோணம், தஞ்சாவூர் கல்லூரிப் பிள்ளைகளாகவும், தமிழ்ப் படிவம் ஊரில் உள்ள பெரியவர்களாகவும்தானே இருக்கும்? அப்படியானால் த்ரெஷோல்டு வேறுபட்டாலும் அது மொழியா, வயதா, வசதியா என்று எந்த மாடலும் சொல்லாது. இரண்டு மொழியும் சரளமாகப் படிக்கிற மாணவர்களைப் பிடித்து, சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்குத் தமிழ், பாதிப் பேருக்கு ஆங்கிலம் கொடுங்கள். அதில் வரும் வித்தியாசம்தான் படிவத்தின் வித்தியாசம்.

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி இது. அவருக்குச் சால்வை, கார் வாடகை, மதியச் சாப்பாடு எல்லாம் ஸ்காலர் தலையில்தான். ஸ்டைபெண்டு வந்து மாசக்கணக்காகிறது. இதைப் பற்றி யாராவது தனியாகக் கேள்வி போடுங்கள், விரிவாக எழுதுகிறேன்.