போல்டரிங்: மோதிர விரல் அடியில் வலி

"குலசேகரம் பக்கம், காலையில ரப்பர் பால்வெட்டு வேலை. ரெண்டு மாசமா போல்டரிங், அதான் கயிறு இல்லாம உள்ளரங்குச் சுவர்ல வாரம் நாலு நாள் ஏறுறேன். மோதிர விரல் அடியில வலிக்குது. விட்டுடணுமா அண்ணன்மாரே?"

விட வேண்டாம், ஆனால் வாரம் நாலு நாள் அதிகம். தசை சில வாரங்களில் பலமாகிவிடும். விரலின் தசைநாணும், அதை எலும்போடு பிடித்திருக்கும் வளையமும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது. போதாததற்கு, பால்வெட்டும் கத்தி பிடிக்கிற வேலைதானே, முன்கை காலையிலேயே பாதி களைத்திருக்கும்.

விரலின் அடிக்கணுவை உள்ளங்கைப் பக்கமாக அழுத்திப் பாருங்கள். ஒரே புள்ளியில் சுருக்கென்றால் அந்த வளையத்தில்தான் கோளாறு என்று சந்தேகிக்கலாம். 'டப்' என்று சத்தம் கேட்டிருந்தாலோ வீங்கியிருந்தாலோ ஏறுவதை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

அப்படி இல்லையென்றால் 2 வாரம் ஓய்வு. அழுத்தினால் வலி இல்லாதபோது, பெரிய பிடிகள் உள்ள எளிய பாதையில் தொடங்குங்கள். சின்னப் பிடியில் விரலை மடக்கி, கட்டைவிரலை மேலே பூட்டிப் பிடிக்கும் பழக்கம்தான் வளையத்தை அதிகம் இழுக்கும். விரல்களை நீட்டித் தொங்குங்கள், எடையைக் காலுக்குக் கொடுங்கள்.

வாரம் 2 நாள், நடுவில் 48 மணி நேரம், ஒரு முறைக்கு ஒன்றேகால் மணி போதும். பால்வெட்டு இல்லாத நாள் கிடைத்தால் அதையே எடுங்கள். ஏறிய பின் ஐந்து விரலையும் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டி, விரித்து மூடுங்கள்: 15 முறை, 3 சுற்று.