தாழ்தளப் பேருந்தில் சாய்பலகை செங்குத்தாக இருக்கிறது

“பலகையை விரித்தும் அம்மாவின் சக்கர நாற்காலியை ஏற்ற முடியவில்லை. என்ன செய்வது?”

பலகை அல்ல, பேருந்து நின்ற இடம்தான் காரணமாக இருக்கும். தளம் தரையிலிருந்து சுமார் 400 மி.மீ. உயரம். பலகை 900 மி.மீ. என்று வையுங்கள். நடுச்சாலையில் நிறுத்தினால் அந்த 400-ஐயும் ஏற வேண்டும். யாராலும் தள்ள முடியாது. 150 மி.மீ. நடைபாதையை ஒட்டி நிறுத்தினால் ஏற்றம் 250 மட்டுமே. அதுவும் கட்டடச் சாய்தளத்தைவிட (12-க்கு 1) மிகச் செங்குத்துதான், ஆனால் பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் ஏறிவிடும்.

எனவே ஓட்டுநரிடம், “நடைபாதையை ஒட்டி நிறுத்தி, பேருந்தை நடைபாதைப் பக்கமாகச் சாய்த்துவிட்டுப் பலகையை விரியுங்கள்” என்று கேளுங்கள். சாய்க்கும் வசதி இருந்தால் இன்னும் சில சென்டிமீட்டர் குறையும். பலகை நுனியில் கால்மிதி இடித்தால் முன்சக்கரங்களைச் சற்றுத் தூக்குங்கள். இறங்கும்போது அம்மா பேருந்தைப் பார்த்தபடி, பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால் கவிழ்ந்துவிடக்கூடும்.